பிள்ளையாரை விருந்துக்கு அழைத்த விளம்பரம்

2017 செப்டம்பரில் 'மீட் அண்ட் லைவ்ஸ்டாக் ஆஸ்திரேலியா' என்ற அமைப்பு ஆட்டிறைச்சிக்காக ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. ஒரே மேசையில் இயேசு, புத்தர், கிரேக்கத் தெய்வங்கள், பிள்ளையார் எல்லோரும் அமர்ந்து விருந்துண்கிறார்கள். எந்த மதத்தவரும் சேர்ந்து உண்ணக்கூடிய இறைச்சி இது என்பதுதான் செய்தி. நபிகள் நாயகம் மட்டும் திரையில் வருவதில்லை. வர முடியவில்லை என்று தொலைபேசியில் சொல்வதாகக் காட்டியிருந்தார்கள்.

ஆஸ்திரேலிய இந்துக்கள் கொதித்தார்கள். இந்தியத் தூதரகமும் எதிர்ப்பைத் தெரிவித்தது. விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு முதலில் புகார்களைத் தள்ளுபடி செய்தது. பிறகு மறுபரிசீலனையில் தன் முடிவை மாற்றிக்கொண்டு, விளம்பரம் விதியை மீறியதாக அறிவித்தது.

இங்கே நடந்த தவறு என்ன? பிள்ளையாரை வணிகத்தில் காட்டியது தவறு என்று சொல்லிவிட முடியாது. நம் ஊரில் கடைப் பெயர்ப்பலகையிலும் சிவகாசி நாட்காட்டியிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அவர் இருக்கிறார். அங்கெல்லாம் அவர் வணங்கப்படுகிறார், அல்லது துணைக்கு அழைக்கப்படுகிறார். கடைக்காரர் தன் நம்பிக்கையால் அவர் பெயரை வைக்கிறார். அந்த மேசையிலோ, கொழுக்கட்டையும் அருகம்புல்லும் படைத்து வழிபடப்படுகிறவர், அவருக்கு யாரும் படைக்காத உணவை விற்பதற்காக உட்கார வைக்கப்பட்டார். போதாக்குறைக்கு அவருடைய யானை முகத்தை வைத்து ஒரு கேலியும் உண்டு. வழிபாட்டில் ஓர் உருவத்துக்கு இருக்கும் இடத்தை நேர் எதிராகத் திருப்பி, அதைச் சரக்கின் பக்கத்தில் வைத்தார்கள். தவறு அதுதான். இந்த அளவுகோலை நம்மீதும் வைத்துப் பார்க்க வேண்டும். லட்சுமி படம் ஒட்டிய வெடி கிழிந்து தெருவில் மிதிபடுவது பழகிப்போனதால் மட்டும் சரியாகிவிடாது.

நபிகளைத் திரையில் காட்டாததுதான் இந்த விவகாரத்தின் மிக முக்கியமான செய்தி. எச்சரிக்கையாக இருக்கத் தெரியாதவர்கள் அல்ல இந்த விளம்பரத்தை எடுத்தவர்கள். ஒரு மதத்தாரை எது புண்படுத்தும் என்று அறிந்து, அதற்கேற்பக் கதையை அமைத்திருக்கிறார்கள். அதே கவனம் இன்னொரு மதத்தாருக்குக் கிடைக்கவில்லை. எதிர்ப்பின் அச்சத்தை வைத்து மரியாதையை அளந்தால், அமைதியாக இருக்கும் சமூகம்தான் எப்போதும் அடிபடும்.

சமயத்தைக் கேலி செய்யக் கலைக்கு உரிமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் கலைஞர் ஒரு கருத்தைச் சொல்ல அதைச் செய்கிறார், அதன் விளைவையும் தானே ஏற்கிறார். விளம்பரதாரருக்குச் சமயத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. பிறர் பக்தியால் அந்த உருவம் பெற்ற கவர்ச்சியை எடுத்துச் சரக்கை விற்பதே அவர் நோக்கம். ஆகவே அவருக்குப் பொறுப்பு கூடுதல்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2020 அக்டோபரில் தனிஷ்க் நகை நிறுவனம் 'ஏகத்துவம்' என்ற நகை வரிசைக்காக ஒரு விளம்பரம் வெளியிட்டது. ஒரு முஸ்லிம் குடும்பம் தன் இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடத்துகிறது. உங்கள் வீட்டில் இந்தச் சடங்கு கிடையாதே என்று மருமகள் கேட்க, மகளை மகிழ்விப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தானே என்கிறார் மாமியார். சமூக ஊடகத்தில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. ஊழியர்களின் நலனையும் காரணமாகச் சொல்லி நிறுவனம் படத்தைத் திரும்பப் பெற்றது. இந்திய விளம்பரத் தர மன்றமோ இதில் விதிமீறல் எதுவும் இல்லை என்றது.

இங்கே வளைகாப்பு இகழப்படவில்லை, தலைகீழாக்கப்படவும் இல்லை. பெரியவர்கள் ஒரு பெண்ணை வாழ்த்தும் சடங்காகவே அது நிற்கிறது. புண்பட்டதாகச் சொன்னவர்களுக்குப் பிடிக்காதது சடங்கைக் காட்டிய விதமன்று, இரண்டு மதத்தார் ஒரே வீட்டில் வாழ்வது. அது இந்தச் சமூகத்தில் உள்ள உண்மை. ஊழியர்களைக் காக்க நிறுவனம் பின்வாங்கியதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பின்வாங்கலைப் பண்பாட்டுத் தவறுக்கான பரிகாரமாக எண்ணினால், அடுத்த விளம்பரங்களிலிருந்து சிறுபான்மையினர் சத்தமின்றி நீக்கப்படுவார்கள்.

ஆகவே எதிர்ப்பாளர்களின் எண்ணிக்கையை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. படப்பிடிப்பு தொடங்கும் முன்பே, கதைப்பலகை நிலையிலேயே, விளம்பரத்தில் காட்டப்போகும் உருவத்தை அன்றாடம் வழிபடுகிறவர்கள் சிலரிடம் கேட்க வேண்டும். அலுவலகத்தில் அந்த மதத்தைச் சேர்ந்த ஒருவர் சிரித்துத் தலையாட்டினார் என்பது போதாது. மேலதிகாரி முன் மறுத்துப் பேச அவருக்குத் தயக்கம் இருக்கும். கேள்வியும் 'பிடித்திருக்கிறதா' என்று இருக்கக்கூடாது. இதை நீங்கள் எங்கே வைப்பீர்கள், எதன் அருகில் வைக்கமாட்டீர்கள், யார் இதைத் தொடலாம் என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். 'வேண்டாம்' என்று அவர்கள் சொன்னால் காட்சியை நிறுத்தும் அதிகாரம் யாரிடமாவது இருக்க வேண்டும். விருந்து மேசைக் காட்சிக்கு முன் இந்தக் கேள்விகளை ஒரு பிள்ளையார் கோவில் குருக்களிடம் கேட்டிருந்தால், முதல் பதிலிலேயே விஷயம் தெரிந்திருக்கும்.