வேணும்னா சொல்லு

பழைய நண்பனைத் தேடிப்போகும் ஏழை ஒருவனின் கதை நம் இதிகாச புராணங்களில் இரண்டு முறை வருகிறது. முதலாவது துரோணர் துருபதனைப் பார்க்கப் போனது. இரண்டாவது குசேலர் கிருஷ்ணனைப் பார்க்கப் போனது. ஒரே குருகுலத்தில் படித்தவர்கள், பல வருட மௌனம், ஒருவன் அரசன், ஒருவன் வீட்டில் பிள்ளைக்குப் பால் இல்லை அல்லது சோறு இல்லை. தொடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் கதை பாதி ராஜ்ஜியத்தைப் பறிப்பதிலும், பழிவாங்கவென்றே வேள்வி செய்து ஒரு மகனைப் பெறுவதிலும் போய், குருக்ஷேத்திரத்தில் முடிகிறது. இரண்டாவது ஒரு பிடி அவலில் முடிகிறது.

துருபதனின் கர்வம், கிருஷ்ணனின் கருணை என்று இந்த வித்தியாசத்தைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அதைவிட ஆர்வமாக இருப்பது அந்த இரண்டு உரையாடல்களின் வரிசை. துரோணர் சபைக்குள் நுழைந்ததும் நட்பை அறிவிக்கிறார். 'நான் உன் நண்பன்' என்ற வாக்கியத்துக்குள்ளேயே ஒரு கோரிக்கை ஒளிந்திருப்பது சபையில் இருந்த எல்லோருக்கும் தெரிகிறது. துருபதனும் அந்தக் கோரிக்கைக்குத்தான் பதில் சொல்கிறான்: சமமானவர்களுக்குள்தான் நட்பு, அரசனுக்கும் ஏழைக்கும் ஏது நட்பு என்று.

பாகவதத்தில் தேவையைப் பற்றிய பேச்சே வரவில்லை. கிருஷ்ணன் முதலில் வந்தவரை உட்காரவைக்கிறான், கால் கழுவுகிறான், சாப்பாடு போடுகிறான். பிறகு பழைய நாள் ஒன்றை நினைவுபடுத்துகிறான்: குருபத்தினிக்காகக் காட்டில் விறகு பொறுக்கப்போய், மழையில் மாட்டி, இருட்டில் கையைப் பிடித்துக்கொண்டு வழி தெரியாமல் அலைந்த நாள். அந்த நினைவில் இரண்டு பேரும் ஒரே மாதிரி நனைந்தவர்கள். அரசனும் இல்லை, ஏழையும் இல்லை. அதற்குப் பிறகுதான் கேட்கிறான். "உனக்கு என்ன வேண்டும்" என்று கேட்கவில்லை. "எனக்கு என்ன கொண்டுவந்தாய்" என்று கேட்கிறான். குசேலர் கூச்சத்தில் தலைகுனிய, துணியில் முடிந்திருந்த அவலை அவனே பறித்துக்கொள்கிறான். குசேலர் எதுவும் கேட்காமலேயே ஊர் திரும்புகிறார்.

பல வருடம் பேசாத நண்பனிடம் "உனக்கு ஏதாவது தேவையா" என்று எப்படிக் கேட்பது என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்து இந்த வரிசைதான் சரியான விடை. ஏன் என்று விளக்க, கடலூர்ப் பக்கம் வரவேண்டும்.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேல் காற்று. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளும் பலாமரங்களும் வேரோடு சாய்ந்தன. சிதம்பரத்தில் என்னோடு இன்ஜினியரிங் படித்தவன் ஒருவனின் குடும்பத்துக்கு அங்கே தோப்பு இருந்தது. அப்பா உடம்புக்கு முடியாமல் போனதால் அவன் படிப்பு முடிந்து ஊரிலேயே இருந்துவிட்டான். 2010க்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. சண்டையும் இல்லை. நான் சென்னையில், அவன் தோப்பில், அவ்வளவுதான்.

அந்த வாரம் அவனுடைய செல்போன் அணைந்தே கிடந்தது. மின்கம்பங்கள் விழுந்த ஊரில் எங்கே போய் சார்ஜ் போடுவது? ஒரு வழியாக உயிர் வந்தபோது எஸ்எம்எஸ்கள் மொத்தமாக வந்து விழுந்தன என்று பின்னால் சொன்னான். "எல்லாம் ஒரே மெசேஜ்தான் மச்சான். 'எதாவது வேணும்னா சொல்லுடா.' நானும் எல்லாருக்கும் ஒரே பதில் போட்டேன். 'ஓகேடா, தேங்க்ஸ்.'"

சரி, அப்போது அவனுக்கு என்ன வேண்டியிருந்தது? "ரம்பம். மரம் அறுக்குற மெஷின். விழுந்த மரத்த அப்புறப்படுத்தாம தோப்புக்குள்ள காலே வைக்க முடியல. ஊர் முழுக்க அதுக்குத்தான் அடிதடி. சென்னையில ஐடி வேலை பாக்குறவன்கிட்ட ரம்பம் எப்படிடா கேக்குறது?"

"எதாவது வேணும்னா சொல்லு" என்ற வாக்கியத்தை ஒரு நிமிடம் பிரித்துப் பாருங்கள். 'வேணும்னா' என்பது நிபந்தனை. 'சொல்லு' என்பது ஏவல். கேட்பவனுக்கு இதில் வேலையே இல்லை, முழு வேலையும் எதிராளிக்குத்தான். தனக்குத் தேவை இருக்கிறது என்று அவன் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு அந்தத் தேவையில் எந்தத் துண்டு இவனால் முடியும், எதைக் கேட்டால் இவன் சங்கடப்படுவான் என்று கணக்குப் போட வேண்டும். கடைசியாக வாய் திறந்து கேட்க வேண்டும். அதாவது துரோணரின் இடத்தில் போய் நிற்க வேண்டும். வீடு இழந்தவன் அத்தனையும் செய்யமாட்டான், "ஒண்ணும் வேணாம்டா" என்பான். கேட்டவனுக்குக் கடமை முடிந்துவிடும். ஈகை பற்றிய அதிகாரத்தில் திருவள்ளுவர், இல்லை என்ற சொல்லை எதிராளி சொல்லும்படி வைக்காமலே கொடுப்பதை உயர்குடிப் பண்பாகச் சொல்வது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது விஷயம், காலம். தானே வந்தது முந்திரி பூக்கும் பருவத்தில். அந்த வருட அறுவடை போனது எல்லோருக்கும் தெரிந்த நஷ்டம். ஆனால் சாய்ந்த மரத்துக்குப் பதிலாக ஒட்டுக்கன்று வைத்தால் காய்க்கத் தொடங்கவே மூன்று வருடம் போல ஆகும், நல்ல மகசூலுக்கு அதைப்போல இன்னொரு மடங்கு. விதையிலிருந்து வரும் பலாவுக்கு அதைவிடப் பொறுமை வேண்டும். நிவாரண லாரிகள் முதல் மாதத்தில் வந்தன. கையில் காசில்லாத காலம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. எல்லோரும் விசாரித்த வாரத்துக்கும் உண்மையில் தேவை இருந்த வருடங்களுக்கும் சம்பந்தமே இல்லை. "இத்தனை நாள் கழிச்சு என்னன்னு கேக்குறது" என்று நாம் தயங்கும் அந்தத் தாமதமான தேதி, பல சமயம் சரியான தேதியாகவே இருக்கிறது.

இந்தத் தயக்கத்தை உளவியலாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். லாரா ஆக்னின், கிலியன் சாண்ட்ஸ்ட்ரம் இருவரும் 2024ல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பரோடு பேச விருப்பம் இருந்தும், எண் கையில் இருந்தும், எழுத நேரம் ஒதுக்கித் தரப்பட்டும் மூன்றில் ஒருவர்கூட செய்தியை அனுப்பவில்லை. அதற்கு முன் சில நிமிடம் இப்போதைய நண்பர்களுக்குச் செய்தி அனுப்பிக் கை பழகியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அனுப்பினார்கள். பழைய நண்பன் நமக்கு அந்நியனைப் போல ஆகிவிடுகிறான் என்கிறார்கள். நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. திடீரென்று போன் வந்தால், பத்திரிகை வைக்கவா, கடன் கேட்கவா, பாலிசி விற்கவா என்றுதான் முதலில் தோன்றும். "சும்மாதான் பண்ணேன்" என்றால் சந்தேகம் கூடும்.

2015 ஜூனில் நான் அவனுக்கு அனுப்பியது இது: "டேய், சிதம்பரம் வந்தேன். கீழ வீதியில நாம டீ குடிக்கிற கடை இப்ப மொபைல் கடை. உன் அக்கவுண்ட்ல நான் குடிச்ச டீக்கெல்லாம் இனி சாட்சி இல்ல. எப்படிடா இருக்க?" சிறிய, உண்மையான ஒரு காரணம். கூடவே அவன் எனக்குக் கொடுத்த ஒரு நினைவு. நான் அவனுக்குக் கடன்பட்ட நினைவாக இருந்ததால் அது பொருந்தியது என்று இப்போது தோன்றுகிறது. அவன் எனக்குக் கடன்பட்ட நாளை நினைவுபடுத்தியிருந்தால் அது வேறு செய்தி.

இரவு அவனே கூப்பிட்டான். கொஞ்ச நேரம் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஓடியது. பிறகு நான் கேட்டேன்: "ஆபீஸ்ல பத்து கிலோ முந்திரி வேணும்டா, கடையில வாங்குனா பாதி உடைஞ்சிருக்கு. உங்க பக்கம் முழுப் பருப்பு கிடைக்குமா?" உண்மையிலேயே வேண்டியிருந்தது. அவன் விலை சொன்னான், தரம் சொன்னான், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று திட்டினான். அனுப்புவது எப்படி என்ற பேச்சில்தான் வந்தது: "அடுத்த வாரம் நானே எடுத்தாறேன். அம்மாவுக்குக் கண்ணு காட்ட மாசாமாசம் சென்னை வரேன்ல." எப்படி வருகிறீர்கள்? முதல் பஸ். ஆஸ்பத்திரி முடிந்து ராத்திரி பஸ் வரைக்கும் அம்மா கோயம்பேடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கண்ணுக்கு மருந்து விட்டிருப்பதால் வெளிச்சம் கூசும்.

என் வீடு அரும்பாக்கத்தில், பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். "சாவி எதிர்வீட்டு அக்காகிட்ட இருக்கும். நான் சொல்லி வச்சிடுறேன். அம்மா படுத்திருக்கட்டும்" என்றேன். அவன் சற்று யோசித்து, "கட்டில் இருக்கா, பாய்தானா?" என்றான். அந்தக் கேள்வியில்தான் விஷயம் முடிந்தது என்று தெரிந்தது.

எப்படித் தெரியும் என்றால், உரிமையால். திருக்குறளில் 'பழைமை' என்று தனி அதிகாரமே இருக்கிறது, நட்புக்கும் நட்பாராய்தலுக்கும் அடுத்து. பழைய நண்பர்கள் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் உரிமையைக் குறையாக நினைக்காமல் இருப்பதுதான் அதன் மையம். பேச்சு தப்பாகப் போவதற்கும் அடையாளம் உண்டு: 'டா' உதிர்ந்து 'ங்க' வந்துவிடும், எல்லாக் கேள்விக்கும் ஒரே வரியில் பதில் வரும், "நீ எப்படி இருக்க" என்று பந்து உடனே திரும்பி வரும். அப்போது அன்றைக்கு எதையும் முன்வைக்காமல் விட்டுவிடுவதே மரியாதை. திட்டு வந்தால் நல்லது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. முந்திரி கேட்டுத் தேவையைக் கறந்தது தந்திரம் இல்லையா? நேராகக் கேட்பதுதானே நேர்மை? இது என்னையும் உறுத்தியிருக்கிறது. எனக்குக் கிடைத்த அளவுகோல் இதுதான்: அவனுக்குத் தேவை எதுவுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம், அப்போதும் அந்த போன் செய்யத் தகுந்ததா? முந்திரி எனக்கு வேண்டாமலே கேட்டிருந்தால் அது தந்திரம்தான். தோப்புக்காரன் அதை இரண்டாவது வாக்கியத்தில் கண்டுபிடித்துவிடுவான். நான் அவனிடமிருந்து ஒன்றை உண்மையாக வாங்கிக்கொள்ளும்போது, கொடுப்பவன் என்ற இடத்தில் அவன் முதலில் நிற்கிறான். அங்கிருந்து ஒன்றைப் பெற்றுக்கொள்வது இறக்கமாக இருக்காது. அவலைப் பறித்ததும் நடிப்பாக இருந்திருந்தால் குசேலர் கூனிக் குறுகித்தான் திரும்பியிருப்பார்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனிடமோ, கடன்காரன் வாசலில் நிற்கும்போதோ முந்திரி விலை பேசிக்கொண்டிருக்க முடியாது. அங்கே நேராகத்தான் கேட்க வேண்டும். அப்போதும் திறந்த கேள்வி உதவாது. "என்னால ஐம்பதாயிரம் முடியும், திருப்ப வேண்டாம், இன்னைக்கே அனுப்பவா?" என்று கேட்டால் அவன் ஆம் அல்லது வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதும், கணக்கு முழுவதும் நம் பக்கம் முடிந்துவிட்டிருக்கும். திருப்ப வேண்டும் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் விட்ட கடன்தான் பல நட்புகளில் அடுத்த மௌனத்தைத் தொடங்கிவைக்கிறது.

வேண்டாம் என்ற பதிலும் உண்மையான பதிலாக இருக்கலாம். அவனுக்கு நிஜமாகவே எதுவும் தேவைப்படாமல் இருக்கலாம், அல்லது நம்மிடமிருந்து தேவைப்படாமல் இருக்கலாம். அதைக் கேட்டுக்கொண்டு, "சரிடா, பலா சீசன்ல வரேன், ஒரு பழம் எடுத்து வை" என்று சொல்ல முடிந்தால் பேச்சு அறுந்துபோகாது. போய் வாங்கிக்கொண்டு வரவும் வேண்டும்.