கண்டவர் சொல்லும் கேட்டவர் நம்பிக்கையும்

ஓர் அற்புதம் நிகழ்ந்ததென்று பிறர் சொல்லக் கேட்டு, அச்சொல்லை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு நம்புவது முறையாகுமா? ஆகாது என்னும் விடையை மிகக் கூர்மையாக எடுத்துரைத்தவர் ஸ்காட்லாந்து நாட்டுத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம். மனித அறிவைப் பற்றி அவர் 1748இல் வெளியிட்ட நூலின் பத்தாம் பகுதி முழுவதும் இக்கேள்விக்கே உரியது.

அவருடைய வாதத்தைச் சுருங்கக் கூறுவோம். பிறர் சாட்சியை நாம் ஏன் நம்புகிறோம்? மக்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையாக இருந்ததை நம் அனுபவத்தில் கண்டதனால்தான். இறந்தவர் மீள்வதில்லை என்று ஏன் நம்புகிறோம்? அதுவும் அனுபவத்தினால்தான், ஆனால் இவ்வனுபவத்தில் விதிவிலக்கே இல்லை. சாட்சிகளோ சில வேளை பொய் சொல்லியும் சில வேளை மயங்கியும் இருக்கிறார்கள். ஆகவே இரண்டையும் தராசில் இட்டால் இயற்கை விதியின் தட்டே தாழும். சாட்சி பொய்யாயிருப்பது அந்த அற்புதத்தைவிடப் பெரிய அற்புதமாக இருந்தாலன்றி நம்புதற்கில்லை என்பது அவர் முடிவு. அற்புதம் நிகழவே முடியாது என்று அவர் சொல்லவில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கேட்டவன் நம்புவதற்கு நியாயம் உண்டா என்பதே அவர் வினா.

இவ்வாதத்திற்கு வந்த மறுப்புகளுள் நாம் மிகவும் மதிப்பது ரிச்சர்டு பிரைஸ் என்னும் வேல்ஸ் நாட்டுப் போதகர் 1767இல் எழுதியது. நிகழ்தகவுக் கணிதத்தில் பெயர்பெற்ற தாமஸ் பேயிஸ் மறைந்தபின், அவருடைய கட்டுரையை 1763இல் ராயல் சங்கத்திற்கு அனுப்பி உலகறியச் செய்தவரும் இவரே. பிரைஸ் எடுத்துக்கொண்ட உதாரணம் லாட்டரிச் சீட்டு. கணக்கை நம் வசதிக்கேற்ற எண்களில் போட்டுப் பார்ப்போம்.

ஒரு லட்சம் சீட்டுகள், பரிசு ஒன்றே. முடிவை அச்சிடும் செய்தித்தாள் நூற்றில் ஒரு தடவை எண்ணைத் தவறாகப் போடுகிறது. 47,312 என்ற எண்ணுக்குப் பரிசு என்று இன்று அச்சிட்டிருக்கிறது. அந்த எண் வெல்லும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று. தாள் தவறும் வாய்ப்போ நூற்றில் ஒன்று. இவ்விரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தி எடை போட்டால், எந்த நாளும் எந்தத் தாளையும் நம்ப இயலாது. ஆயினும் நாம் நம்புகிறோம், நம்புவதும் சரியே. ஏனெனில் தாள் தவறியிருந்தால் மற்ற 99,999 எண்களில் எதை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். தவறி, அதுவும் இந்த எண்ணிலேயே வந்து விழுவது அரிதினும் அரிது. அந்த அருமை நிகழ்ச்சியின் அருமையை ஈடு செய்துவிடுகிறது. நம்பிக்கை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதாகவே நிற்கிறது.

ஆசிரியப் பணியில் இருந்தோருக்கு இது புதிதன்று. இரண்டு விடைத்தாள்களில் ஒரே சரியான விடை இருந்தால் நாம் ஐயுறுவதில்லை. ஒரே தவறான விடை, ஒரே அடித்தலுடன் இருந்தால் உடனே இருவரையும் அழைத்துவிடுவோம். சரியான விடை ஒன்றே. தவறுவதற்கோ வழிகள் பல. தனித்தனியே தவறிய இருவர் ஒரே இடத்தில் சந்திப்பது கடினம்.

ஆனால் பிரைஸின் மறுப்பை முழு வெற்றி என்று நாம் ஏற்பதற்கில்லை. இப்போது செய்தித்தாளை விட்டுவிட்டுச் சீட்டு விற்றவரை எண்ணிப் பாருங்கள். அவர் நம்மிடம் வந்து, "அம்மா, உங்கள் சீட்டுக்கே பரிசு!" என்கிறார். அவரும் நூற்றுக்கு ஒரு தடவை, இனாம் கருதிப் பொய் சொல்பவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் குலுக்கலில் நம் சீட்டு உண்மையாக வெல்வது ஒரே தடவை. அவர் பொய்யாக வந்து மகிழ்ச்சி தெரிவிப்பதோ ஏறத்தாழ ஆயிரம் தடவை. பொய் சிதறாமல் ஒரே எண்ணில் குவிகிறது. காரணம் அவருக்கு அதில் பற்று இருக்கிறது. அற்புதக் கதைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. வியப்பில் மக்களுக்குள்ள விருப்பத்தை ஹியூமும் சுட்டிக் காட்டியிருக்கிறார். ஆப்தர் என்பவர் விருப்பு வெறுப்பு நீங்கியவராக இருத்தல் வேண்டும் என்று நம் நூல்கள் விதித்ததன் பொருள் இக்கணக்கில் நன்கு விளங்குகிறது.

அப்படியானால் சாட்சி வெல்லவே முடியாதா? முடியும் என்று காட்டுவது மற்றொரு மறுப்பு. கணக்கிடும் பொறியை வகுத்த சார்லஸ் பாபேஜ் 1837இல் அதை எண்களால் விளக்கினார். ஒரு நிகழ்ச்சி கோடியில் ஒன்று என்னும் அளவுக்கு அரியது என்போம். நூற்றில் ஒரு தடவையே தவறும் சாட்சிகள், ஒருவரையொருவர் அறியாமல் அதைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு சாட்சியும் நம்பிக்கையை ஏறக்குறைய நூறு மடங்கு உயர்த்துகிறார். மூவர் சொன்னால் பத்து லட்சம் மடங்கு. இன்னும் பொய்யின் பக்கமே பத்துக்கு ஒன்று என்று சாய்ந்திருக்கும். நான்காமவர் வந்ததும் தராசு திரும்பி, உண்மையின் பக்கம் பத்துக்கு ஒன்று என்றாகிறது. எவ்வளவு அரியதாயினும், அதை எட்டும் சாட்சிகளின் தொகை ஒன்று உண்டு. ஆனால் 'ஒருவரையொருவர் அறியாமல்' என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நால்வரும் ஒரே வாயிலிருந்து கேட்டவர்களாயின், நால்வரும் ஒருவரே. ஊரே சொல்கிறது என்னும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது, ஊருக்குச் சொன்னவர் எத்தனை பேர் என்பதுதான்.

இதற்குச் சரித்திரத்தில் ஒரு நல்ல வழக்கு உண்டு. வானத்திலிருந்து கல் விழுந்ததென்று குடியானவர்கள் சொல்லிவந்ததை அறிஞர்கள் நெடுங்காலம் நம்பவில்லை. பிரான்சில் லூசே என்னுமிடத்தில் 1768இல் விழுந்த கல்லைப் பாரிஸ் அறிவியற் கழகத்தின் குழு ஆராய்ந்தது. வேதியியல் மேதை லவாய்சியேயும் அக்குழுவில் இருந்தார். அது வானத்துக் கல்லன்று, மின்னல் தாக்கிய கல் என்று முடிவு சொன்னார்கள். ஹியூமின் அளவுகோலின்படி அது பிழையான முடிவென்று சொல்வது கடினம். ஆனால் உண்மை குடியானவர் பக்கமே இருந்தது.

1803 ஏப்ரல் 26 அன்று நார்மண்டியில் லேகிள் என்னும் ஊருக்கருகே பெருவெடியோசையுடன் ஏறக்குறைய மூவாயிரம் கற்கள் பொழிந்தன. அரசு பியோ என்னும் இளம் இயற்பியல் அறிஞரை அனுப்பியது. அவர் நேரே ஊருக்குள் போகவில்லை. தொலைவிலுள்ள இடங்களிலேயே விசாரிக்கத் தொடங்கி, ஓசையை யார் யார் எங்கே கேட்டார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தார். பலவேறு சிற்றூரினர், பலவேறு தொழிலினர், ஒன்றுகூடிப் பொய் புனைய ஆதாயமில்லாதவர்கள் ஒரே செய்தியைச் சொன்னார்கள். அவ்வட்டாரத்தின் பாறைகளிலோ உலைக்கழிவுகளிலோ அத்தகைய கல் முன்பு இல்லை என்பதையும் சரிபார்த்தார். கற்கள் விழுந்த பரப்பை வரைந்தபோது அது நீள்வட்டமாக அமைந்தது. எந்தச் சாட்சியும் அவ்வடிவத்தை அறிந்து சொன்னதில்லை. அவருடைய அறிக்கைக்குப்பின் ஐயம் பெரும்பாலும் ஒழிந்தது.

ஹியூமின் தரப்பினர் இதற்கும் விடை கூறுவர். விண்கல் அற்புதமன்று, நாம் அறியாதிருந்த இயற்கையே என்பர். 1600 ஜனவரி முதல் எட்டு நாள் உலகெங்கும் இருள் சூழ்ந்ததென எல்லா நாட்டாரும் ஒருமுகமாகச் சொன்னால் தாமும் ஏற்பதாகவும், பிறகு காரணத்தைத் தேட வேண்டுமென்றும் ஹியூமே எழுதியிருக்கிறார். ஆனால் எலிசபெத் அரசி இறந்து ஒரு மாதத்திற்குப்பின் எழுந்தாரென்று அவ்வளவு பேர் சொன்னாலும் ஏற்க மறுக்கிறார். ஒன்றுக்கு ஓர் அளவையும் மற்றதற்கு வேறோர் அளவையும் அவர் கையாள்வதாகவே நமக்குத் தோன்றுகிறது. இருளைக் கண்டவரின் கண்ணும் அரசியைக் கண்டவரின் கண்ணும் ஒன்றுதானே?

எனினும் கண் எதுவரை சாட்சி சொல்லும் என்பது வேறு கேள்வி. கல் விழுந்ததைக் கண் காணும். அதை எறிந்தது எது என்பதைக் காணாது. ஆசாரியர் சமந்தபத்திரர் ஆப்தமீமாம்சையின் தொடக்கத்திலேயே, தேவர் வருகையும் வான்வழிச் செல்கையும் சாமரையும் மாயக்காரரிடத்தும் காணப்படுவனவே. அவற்றால் மட்டும் ஒருவரைப் பெரியோர் என்று கொள்வதற்கில்லை என்று அருகதேவரையே நோக்கிச் சொல்லிவிட்டு, அவர்தம் சொல்லைப் பரிசோதிக்கத் தொடங்குகிறார்.