காகிதத்தில் இல்லாத உயரம்

கடுகு, சீரகம் போன்றவற்றைச் சிந்தாமல் பாட்டிலில் கொட்ட ஒரு காகிதப் புனல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உயரம் 12 செ.மீ., வாயின் அகலம் 10 செ.மீ. என்று முடிவு செய்தாகிவிட்டது. ஆனால் வெட்டப் போகும் தாள் மேசைமேல் தட்டையாகக் கிடக்கிறது. அதில் 12 செ.மீ. என்பதை எங்கே அளப்பது?

எங்கும் அளக்க முடியாது. கூம்பின் உயரம் நுனியிலிருந்து வாயின் நடுப்புள்ளி வரை, உள்ளே இருக்கும் வெற்றிடத்தின் வழியாகப் போகிறது. காகிதம் அந்த வழியில் போவதே இல்லை. அது சரிவில் இறங்கி விளிம்பைத் தொடுகிறது. நாம் முதலில் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த அளவு தாளின் மேல் எந்த இடத்திலும் இல்லை என்பதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் வேலை தொடங்குகிறது.

தாளுக்குத் தெரிந்தவை இரண்டே நீளங்கள். ஒன்று சாயுயரம். உயரம் 12, வாயின் ஆரம் 5 என்றால் பிதாகரஸ் தேற்றப்படி 144-உம் 25-உம் சேர்ந்து 169. அதன் வர்க்கமூலம் 13. ஆகவே கவராயத்தை 13 செ.மீ. விரித்து வட்டம் போட வேண்டும். மற்றொன்று விளிம்பின் நீளம். 5 செ.மீ. ஆரமுள்ள வாயைச் சுற்றிவர ஏறத்தாழ 31.4 செ.மீ. தேவை. நாம் போட்ட பெரிய வட்டத்தின் சுற்றளவோ 81.7 செ.மீ. அதில் பதின்மூன்றில் ஐந்து பங்குதான் நமக்கு வேண்டும். 360 டிகிரியிலும் அதே பங்கை எடுத்தால் 138.5 டிகிரி வருகிறது. வெட்ட வேண்டிய வட்டக்கோணப் பகுதி அதுதான்.

பலர் இங்கே உயரத்தையே கவராயத்தில் வைத்துவிடுகிறார்கள். 12 செ.மீ. வட்டம் போட்டு, அதற்கேற்ப 150 டிகிரி வெட்டினால் வாய் சரியாக 10 செ.மீ. வரும், அதனால் தவறு கண்ணில் படாது. பக்கத்தில் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால்தான் உயரம் 10.9 செ.மீ. என்று தெரியும். ஒட்டுவதற்கான மடிப்பையும் 138.5 டிகிரிக்கு வெளியே, கூடுதலாக ஏழு டிகிரி அளவில் விட வேண்டும். அந்தப் பங்கிலிருந்தே எடுத்தால் வாய் சுருங்கிவிடும். அந்த மடிப்பு நுனியை நோக்கி ஒடுங்கிப் போவது நல்லது. ஒரே அகலப் பட்டையாக விட்டால் நுனியில் காகிதம் குவிந்து, கூம்பு கோணிக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோணத்தைத் தீர்மானிப்பது ஆரத்துக்கும் சாயுயரத்துக்கும் உள்ள விகிதம் மட்டுமே. புனலை இரண்டு மடங்கு பெரிதாகச் செய்தாலும் 138.5 மாறாது, கவராயம்தான் 26 செ.மீ. விரியும். வேதியியல் ஆய்வகத்தில் வட்டமான வடிதாளை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, ஒரு பக்கம் மூன்று அடுக்கும் மறுபக்கம் ஓர் அடுக்குமாகப் பிரிப்பார்கள். அந்தக் கூம்பின் விளிம்பு, தாளின் சுற்றளவில் சரிபாதி. அரைவட்டத்தை, அதாவது 180 டிகிரியைச் சுருட்டியதற்குச் சமம். அப்போது வாயின் அகலமும் சாயுயரமும் ஒன்றாகின்றன. பக்கவாட்டில் பார்த்தால் சமபக்க முக்கோணம், நுனியில் 60 டிகிரி. ஆய்வகக் கண்ணாடிப் புனல்கள் வழக்கமாக அந்த 60 டிகிரியில் இருப்பதால்தான், வடிதாள் சிறிதோ பெரிதோ, சுவரோடு ஒட்டி உட்காருகிறது.

தாளில் இல்லாத உயரம் பிறகு எங்கிருந்து வருகிறது? வெட்டி எடுத்த பகுதியிலிருந்துதான் வருகிறது. காகிதம் வளையும், ஆனால் நீளாது. மையத்திலிருந்து விளிம்புக்கு உள்ள தூரத்தை அது விட்டுக்கொடுக்காது. ஒரு பகுதியை எடுத்துவிட்டு ஓரங்களைச் சேர்த்தால் விளிம்பின் சுற்றளவு குறைகிறது. தூரமோ அப்படியே இருக்கிறது. தரையிலேயே படுத்துக் கிடக்க இனி அதற்கு இடமில்லை, மேலே எழும்பத்தான் வேண்டும்.

எவ்வளவு எழும்பும் என்பதை 12 செ.மீ. ஆரமுள்ள முழு வட்டத்தில் பார்க்கலாம். ஒன்றேகால் டிகிரி மட்டும் வெட்டுங்கள். விளிம்பில் அந்த இடைவெளி 2.6 மில்லிமீட்டர்தான். அதை மூடினால் நடுப்புள்ளி முழுதாக ஒரு சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். இரண்டு சென்டிமீட்டர் வேண்டுமென்றால் இரண்டு மடங்கு வெட்டினால் போதாது; நான்கு மடங்கு, அதாவது ஐந்து டிகிரி எடுக்க வேண்டும். முதல் உயரம் மலிவு, அடுத்தடுத்த உயரத்துக்கு விலை கூடிக்கொண்டே போகிறது. அதனால்தான் நம் 138.5 டிகிரிப் புனலில் ஒரு டிகிரி பிசகினாலும் உயரம் கால் மில்லிமீட்டர்கூட மாறாது; தட்டையான விளக்கு மூடிக்கோ கோணமானியை நம்ப முடியாது, விளிம்பில் வில்லின் நீளத்தை நூல் வைத்து அளந்துதான் வெட்ட வேண்டும்.