கேட்டு வாங்கு, உன் கல்யாணச் சான்றிதழை!

தங்கையே, தாலி ஏறிய அன்றே நீ மனைவி. பதிவு செய்யாததால் கல்யாணம் செல்லாமல் போவதில்லை. ஆனால் ஊரே வந்து வாழ்த்தியதை தாசில்தார் அலுவலகத்தில் யார் வந்து சொல்வார்கள்? அங்கே காகிதம்தான் பேசும். "அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்று மாமனார் சொன்னால், "இந்த வாரமே போயிடலாம் மாமா" என்று நிமிர்ந்து சொல்!

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணமானாலும் பதிவு கட்டாயம். கெடு 90 நாள். பிப்ரவரி 1-இல் கல்யாணம் என்றால் மே 2-க்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் நிற்க வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. அதையும் விட்டுவிட்ட இந்துத் தம்பதிக்கு 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் வழி திறந்தே இருக்கிறது. கல்யாணமாகிப் பத்து வருடமானாலும் கூசாதே, போ!

கணவருக்கு ஜெர்மனியில் வேலை என்று வைத்துக்கொள். சான்றிதழில் அவர் 'மு. கார்த்திக்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் முருகன்'. நமக்கு ஒரே ஆள். இனிஷியல் வழக்கம் அறியாத விசா அதிகாரிக்கு இரண்டு பேர். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளே சான்றிதழிலும் இருக்கட்டும். அதன்மேல் சான்றிதழுக்கு வேறு சரிபார்ப்பு தேவையா என்று தூதரகத்தில் கேட்டுக்கொள். அதற்கும் நாள் ஒதுக்கு.

விசாவுக்காகத் தாலி கட்டும் முன்பே பதிவு செய்வோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடு. சடங்கு நடக்காத இந்துக் கல்யாணத்துக்குச் சான்றிதழ் மட்டும் உயிர் கொடுக்காது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கேட்கக் கசப்பான ஒன்றையும் சொல்கிறேன். கணவர் உயில் எழுதாமல் இறந்தால், இந்து வாரிசுச் சட்டப்படி அவர் சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவருடைய தாய்க்கும் சம பங்கு. "இவள் அவன் மனைவியே இல்லை" என்று ஒருவர் கிளம்பினால் போதும், வாரிசுச் சான்றிதழ் நின்றுவிடும். துக்கத்தில் இருப்பவள் சாட்சி தேடி அலைவதா? பதிவுச் சான்றிதழை எடுத்து மேஜையில் வை!

காப்பீட்டில் மட்டும் அது போதாது. கல்யாணத்துக்கு முன் அவர் எடுத்த பாலிசியில் நாமினி பெரும்பாலும் அம்மாதான். மாற்றாவிட்டால், உன்னிடம் சான்றிதழ் இருந்தாலும் பணம் மாமியாருக்கே போகும். 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை பொதுவாக அவர்களுக்கே சொந்தம். கணவரிடம் வெளிப்படையாகப் பேசு. மாமியாருக்குப் பாதி, உனக்குப் பாதி என்றுகூட எழுதலாம். சான்றிதழ் கைக்கு வந்த வாரமே நாமினி மாற்றும் படிவத்தில் அவர் கையெழுத்தை வாங்கி, காப்பீட்டு நிறுவனம் பதிவு செய்துகொண்டதற்கான ஒப்புகைச் சீட்டையும் வாங்கிவிடு.