தாழ்ப்பாள் விழுந்த கதவு

யோபுவைப் பார்க்க வந்தவர்கள் மூன்று பேர். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். வந்ததும் என்ன செய்தார்கள்? ஏழு நாள், ஏழு இரவு அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஏழு நாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த மூவரும் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். எட்டாம் நாள் வாயைத் திறந்தார்கள், எல்லாம் கெட்டது.

நம் துக்க வீடுகளில் அந்த ஏழு நாள் எங்கே இருக்கிறது? ஏழு நிமிடம் கூட இல்லை. பெட்டி இன்னும் நடுவீட்டில் இருக்கும். ஒருவர் வந்து, "எல்லாம் கர்த்தருடைய சித்தம்மா" என்பார். இன்னொருவர், "நல்லவங்களைத்தான் சீக்கிரம் எடுத்துக்கிறார்" என்பார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு அவள் வரமாட்டாள். அதற்கு அடுத்த ஞாயிறும் வரமாட்டாள். "விசுவாசத்திலே தளர்ந்துபோயிட்டா" என்று சபையில் பேசிக்கொள்வார்கள். தளர்த்தியது யார்?

இங்கிலாந்தில் சி. எஸ். லூயிஸ் என்று ஒருவர் இருந்தார். நார்னியா கதைகள் எழுதியவர், பிள்ளைகளுக்குத் தெரியும். 1908இல் அவர் தாய் புற்றுநோயில் கிடந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அம்மா பிழைக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணினார். அம்மா போய்விட்டாள். வாலிப வயதில் கடவுளே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். முப்பது வயதைத் தாண்டி, 1931இல்தான் கிறிஸ்துவிடம் வந்து சேர்ந்தார். 1940இல் 'வலியின் பிரச்சினை' என்று ஒரு புத்தகம் எழுதினார். மனிதன் ஏன் துன்பப்படுகிறான், கடவுள் ஏன் விடுகிறார் என்று வரிசையாக விளக்கம் சொன்ன புத்தகம். படித்தவர்கள் தேறுதல் அடைந்தார்கள். அதை மறந்துவிடாதீர்கள்: துன்பத்துக்கு விளக்கம் எழுதி வைத்திருந்தவர் அவர்.

பிறகு ஜாய் டேவிட்மன் வந்தாள். அமெரிக்காவில் யூதக் குடும்பத்தில் பிறந்த கவிஞர். நாத்திகத்திலிருந்து விசுவாசத்துக்கு வந்தவள், இரண்டு மகன்களின் தாய். அவளுக்கு இங்கிலாந்தில் தங்க அனுமதி நீட்டிக்கப்படவில்லை என்பதற்காக 1956 ஏப்ரலில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். வெறும் காகிதத்துக்காக. அதே வருஷம் அக்டோபரில் வீட்டில் தடுக்கி விழுந்தாள், தொடை எலும்பு முறிந்தது. எலும்பைப் பார்க்கப்போன மருத்துவர்கள் புற்றுநோயைப் பார்த்தார்கள். சாகப்போகிறாள் என்று தெரிந்த பிறகுதான் அவளை எவ்வளவு நேசிக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. 1957 மார்ச்சில், ஆஸ்பத்திரிக் கட்டிலோரம், பீட்டர் பைட் என்ற குருவானவர் அவர்களுக்கு முறைப்படி விவாகம் செய்துவைத்தார். அவள்மேல் கைவைத்து சுகத்துக்காக ஜெபமும் பண்ணினார்.

அவள் எழுந்தாள்! எலும்பு கூடியது, நடந்தாள். ஆமென், அல்லேலூயா என்கிறோம் அல்லவா? பொறுங்கள். சாட்சி சொல்ல வருகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். 1959 அக்டோபரில் நோய் திரும்ப வந்தது. 1960 ஏப்ரலில், அந்த வேதனையோடேயே, இருவரும் கிரேக்க தேசத்துக்குப் போய்வந்தார்கள். ஜூலை 13ஆம் தேதி அவள் இறந்தாள். வயது 45.

கேட்டது கிடைக்காதவன் படுகிற வேதனை ஒரு விதம். கேட்டது கையில் கொடுக்கப்பட்டு, பிறகு பிடுங்கப்படுகிறவன் படுகிற வேதனை வேறு விதம்.

வீட்டில் கிடந்த எழுதாத பழைய நோட்டுகளில் லூயிஸ் எழுத ஆரம்பித்தார். முகச்சவரம் செய்துகொள்ளக்கூட மனமில்லை என்று எழுதினார். கன்னம் சொரசொரப்பாக இருந்தால் என்ன, வழுவழுப்பாக இருந்தால் என்ன? துன்பத்துக்கு விளக்கம் எழுதிய கை, இப்போது தாடியைப் பற்றி எழுதுகிறது. அவளுடைய இரண்டு மகன்களிடம் தாயைப் பற்றிப் பேச்செடுத்தால், அவர்கள் கூச்சத்தில் நெளிந்தார்கள் என்று எழுதினார்.

கடவுளைப் பற்றி என்ன எழுதினார்? சந்தோஷ காலத்தில் அவரிடம் போனால் வரவேற்பு. வேறு கதி இல்லாமல் போனால், கதவு முகத்தில் அறைந்து சாத்தப்படுகிறது, உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கிறது. ஒரு தாழ்ப்பாள் இல்லை, இரண்டு! கடவுள் இல்லை என்று ஆகிவிடுமோ என்ற பயம் அவருக்கு இல்லை. இருக்கிறார், ஆனால் நல்லவர் இல்லை என்று ஆகிவிடுமோ என்பதுதான் பயம். ஒவ்வொரு முறை நம்பிக்கை கொடுத்ததும் அடுத்த சித்திரவதைக்குத்தானோ என்று கேட்டார். மறுநாளே அவரே ஒப்புக்கொள்கிறார், அது யோசனை இல்லை, கூச்சல் என்று. அதற்காக அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடவில்லை.

யோபுவும் கிழிக்கவில்லை. மூன்றாம் அதிகாரத்தை வாசியுங்கள், பிறந்த நாளையே சபிக்கிறான். கடைசியில் கர்த்தர் யாரைக் கடிந்துகொண்டார்? 42:7. கூச்சல் போட்டவன் சரியாகப் பேசினான் என்கிறார். விளக்கம் சொன்ன மூவர்மேல்தான் கோபம். அவர்கள் அந்த ஏழு நாளோடு நிறுத்தியிருக்கக் கூடாதா! எண்பத்தெட்டாம் சங்கீதத்தைப் பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவுக்குள் எங்கேயாவது துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, இருட்டில் ஆரம்பித்து இருட்டிலேயே முடியும். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

லூயிஸுக்கு ஆறுதல் எப்படி வந்தது? தரிசனம் இல்லை, யாருடைய பிரசங்கமும் இல்லை. பத்து நாளாக வானம் மூடிக் கிடந்தது, காற்றே இல்லாத புழுக்கம். ஒரு நாள் நல்ல உடல் அலுப்பு, இரவு நன்றாகத் தூங்கினார். காலையில் வெயில் அடித்தது, லேசாகக் காற்று வீசியது, மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. இவ்வளவுதான். இதில் மர்மம் ஒன்றும் இல்லை என்று அவரே எழுதுகிறார். ஆனால் அழுகை குறைந்த அந்த நேரத்தில்தான் அவள் நினைவு மிகத் தெளிவாக வந்தது. அதுவரை கண்ணீர் மறைத்திருந்தது.

அப்போது கதவைப் பற்றி ஒரு சந்தேகம் அவருக்கு எழுந்தது. நாம் போட்ட கூச்சலில் பதில் கேட்காமல் போயிருக்குமோ? முழுகுகிறவன் காப்பாற்ற வருகிறவனையே இறுகக் கட்டிப்பிடித்தால், அவன் எப்படிக் காப்பாற்றுவான்? கதவு திறந்துவிட்டது என்று அவர் எழுதவில்லை, தாழ்ப்பாள் போட்டதாக இப்போது தோன்றவில்லை என்றுதான் எழுதினார். கேள்விகளுக்கு அப்போதும் பதில் இல்லை. ஆனால் அந்த மௌனம் வேறு மாதிரி இருந்தது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் இருக்கிற மாதிரி.

காயம் ஆறிவிட்டதா? ஆறிப்போகிற காயம் ஒன்று, காலை வெட்டி எடுப்பது ஒன்று என்கிறார். வெட்டிய இடமும் ஆறும், கட்டைக்கால் வைத்து நடக்கலாம். ஆனால் குளிக்கும்போது, உடுத்தும்போது, படுக்கும்போது, எழும்போது கால் இல்லாதது தெரியத்தான் செய்யும். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். மூன்று மாதத்தில் "இன்னுமா அழுகிறாய்" என்று கேட்காதீர்கள்.

1961இல் அந்த நோட்டுகளில் எழுதியது புத்தகமாக வந்தது, என். டபிள்யூ. கிளார்க் என்ற புனைபெயரில். அவர் 1963இல் இறந்த பிறகுதான் சொந்தப் பெயர் அட்டையில் ஏறியது. எழுத ஆரம்பித்தபோது, துக்கம் என்பது ஒரு நிலை, அதை வரைபடம் மாதிரி வரைந்து முடித்துவிடலாம் என்று அவர் நினைத்திருந்தார். போகப்போகத் தெரிந்தது, வளைந்து வளைந்து போகிற பள்ளத்தாக்கு அது, எந்தத் திருப்பத்திலும் புதிதாக ஒன்று நிற்கும், எழுதி முடியாது என்று. வீட்டிலிருந்த நோட்டுகளில் நான்காவதும் நிரம்பப்போனது. இதற்கென்று கடையில் போய் இன்னொரு நோட்டு வாங்குவதில்லை என்று முடிவு செய்தார்.