ஏழு கல் தூரம்

ஆவணி

கொல்லைக் கதவிலிருந்து கிணற்றடி வரை ஏழு கடப்பைக்கற்கள். ஒவ்வொன்றும் இரண்டடி. கிணற்றை ஒட்டி அடுக்கியிருக்கும் தென்னை மட்டைகளுக்குள் அந்தக் கடுவன் குடியிருக்கிறது. சாம்பல் உடம்பில் கறுப்பு வரிகள், சண்டையில் கிழிந்த வலது காது, இரு பக்கமும் பருத்த கன்னம். விதை எடுக்காமல் வளர்ந்த ஆண் பூனைக்குத்தான் கன்னம் அப்படிப் பருக்கும். குட்டி இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் மட்டைகளுக்குள் ஒரு சலசலப்பு, பிறகு ஒன்றுமில்லை. வந்து இரண்டு வாரமாகிறது, ஒரு தடவைகூடக் கத்தவில்லை. வீட்டில் வளர்ந்து வழிதவறிய பூனையாக இருந்தால் நாலு நாளில் மதிலில் நின்று கத்திச் சோறு கேட்டிருக்கும். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் ‘மியாவ்’ என்று கூப்பிட்டுக்கொள்வது அரிது. அந்தக் குரலைப் பெரும்பாலும் மனிதர்களுக்கென்றே வைத்திருக்கின்றன. இதற்கு அந்தக் குரல் தேவைப்பட்டதே இல்லை போலும்.

பூனைக்குட்டி மனிதர் கைக்குச் சுலபமாகப் பழகுகிற பருவம், பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை. அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஐலீன் கார்ஷ் 1980களில் குட்டிகளைக் கையாண்டு பார்த்து இதைச் சொன்னார். அந்த ஐந்து வாரங்களில் இதை யாரும் தூக்கியிருக்க மாட்டார்கள். ஏதோ ஒரு படகின் அடியிலோ, வலை உலர்த்தும் கொட்டகையிலோ அவை கழிந்திருக்கும். அதற்குப் பிறகும் பூனை பழகும், ஆனால் மெதுவாக. ஒரே ஓர் ஆளிடம், அதுவும் பாதி வழி வரைக்கும்தான் என்றும் ஆகலாம். இதை முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

*

காலை ஆறரை, மாலை ஆறு. அதே தட்டு, அதே கல். முள் எடுத்து வேகவைத்த மத்தி, கொஞ்சம் சோறு. உப்பு கிடையாது, வெங்காயம் அறவே கிடையாது. வெங்காயம் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும். தட்டை ஏழாவது கல்லில் வைத்துவிட்டு வாசற்படிக்குத் திரும்பி, பக்கவாட்டாக உட்கார்ந்துகொள்கிறேன். நேருக்கு நேர் உட்கார்ந்து பார்ப்பது வேட்டைக்காரனின் பார்வை. அரைமணி கழித்துத் தட்டை எடுத்துவிடுகிறேன். பட்டினி போடுவதற்காக அல்ல. நாள் முழுக்கக் கிடக்கும் சோற்றுக்கும் எனக்கும் தொடர்பு இருக்காது. நான் இருக்கும்போது மட்டும் மீன் வருகிறது என்பது அதற்குப் படிய வேண்டும்.

முதல் ஒன்பது நாள் துண்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. பத்தாம் நாள் தட்டருகே நின்று தின்றது. பின்னங்காலில் பாரம், எந்த நொடியும் பாயத் தயாராக, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தடவை தலை தூக்கி. அந்தத் தலைதூக்கலை எண்ண ஆரம்பித்தேன். ஒரு வேளைக்கு முப்பதுக்கு மேல்.

புரட்டாசி

தட்டை நகர்த்துவதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். தலைதூக்கல் பத்துக்குக் கீழே இறங்கி மூன்று நாள் அப்படியே நின்றால் அரைக் கல் முன்னே. நகர்த்திய பிறகு காது பக்கவாட்டில் மடிந்தாலோ, பகல் வெளிச்சத்திலும் கண்மணி கறுத்து விரிந்தாலோ, தின்னாமல் உதட்டை நக்கினாலோ மறுவேளை பழைய கல்லுக்கே போய்விடுகிறேன். பின்வாங்குவதில் நஷ்டமில்லை. பயந்துகொண்டே தின்ன வைத்தால், பயத்தைத்தான் மீன் ருசியோடு சேர்த்துப் பழக்கியிருப்பேன்.

இருபத்தாறாம் நாள் ஐந்தாவது கல். அன்று மாலை என் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றது. என்னைவிட வேலியைக் காவல் காப்பது முக்கியம் என்று தீர்மானித்திருக்கிறது. வெகு நேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

இமை. பூனையைப் பார்த்து மெதுவாகக் கண்ணைச் சுருக்கி மூடித் திறந்தால் அதுவும் கண்ணைச் சுருக்குகிறது. இங்கிலாந்தில் சஸ்ஸெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். அப்படிக் கண் சிமிட்டிய அந்நியரின் நீட்டிய கையை நோக்கிப் பூனைகள் கூடுதலாக வந்தனவாம். அவை வீடுகளில் வளர்ந்தவை. இந்தக் கடுவனுக்கும் அது பொருந்துமா என்று பதினெட்டு நாள் மாலைதோறும் செய்தேன். பத்தொன்பதாம் நாள் அது கண்ணைச் சுருக்கியது. தூக்கமாகவும் இருக்கலாம். ஆனால் கண்ணெதிரே ஒருவர் இருக்கையில் தூங்கத் தோன்றுவதும் அதே செய்திதான்.

ஐப்பசி

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே வெடிச் சத்தம் தொடங்கிவிட்டது. நாலாவது கல் வரை வந்திருந்த பூனை காணாமல் போனது. ஐந்து நாள் வெறுந்தட்டை வைத்து எடுத்தேன். இல்லை, மீனோடு வைத்து மீனோடு எடுத்தேன். ஆறாம் நாள் மழையில் நனைந்து, இளைத்து, மட்டைகளுக்குள் திரும்பியிருந்தது. ஏழாவது கல்லில் மறுபடி தொடங்கினோம்.

இந்த முறை ஏழிலிருந்து நாலுக்கு வர பதினோரு நாள்தான் ஆனது. முன்பு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்த தூரம். வந்த பாதை அதற்கு மறக்கவில்லை.

கார்த்திகை

மழை விடாததால் தட்டு தாழ்வாரத்துக்கு வந்தது. நீளக் காம்புள்ள மரக்கரண்டியின் நுனியில் மசித்த மீனைத் தடவி நீட்டுகிறேன். கைக்கும் அதற்கும் நடுவில் ஒன்றரை அடி மரம். முதல் வாரம் கரண்டியைப் பார்த்துச் சீறியது. சீறலைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘இதற்கு மேல் வராதே, வந்தால் நான் வேறு ஏதாவது செய்ய வேண்டிவரும்’ என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. சீறினால் கரண்டியை மெல்லக் கீழே வைத்துவிடுவேன். சொன்னது கேட்கப்படுகிறது என்று தெரிந்தால், நகத்தை வெளியே எடுக்கும் அவசியம் குறையும்.

மாதக் கடைசியில் கரண்டி நுனியை நக்கியது. நக்கி முடித்து, காம்பில் கன்னத்தைத் தேய்த்துவிட்டுப் போனது. பூனைக்குக் கன்னத்தில் மணச் சுரப்பி உண்டு. தன் மணத்தை அந்த மரத்தில் விட்டுப் போயிருக்கிறது. கரண்டியை நான் கழுவவில்லை.

மார்கழி

தப்பு என்னுடையது.

கரண்டிக் காம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பிடித்து, கடைசியில் விரல் நுனியிலிருந்தே நக்குகிற அளவுக்கு வந்திருந்தது. அன்று காலை தின்றுகொண்டிருந்தபோது, மேலிருந்து கையை இறக்கி முதுகைத் தொட்டேன். தொடும் முன்பே வால் நுனி இரண்டு தடவை தரையில் அடித்தது. முதுகுத் தோல் சிலிர்த்தது. இரண்டையும் பார்த்தேன், பார்த்தும் கையை இறக்கினேன். மூன்று மாதமாக அதன் அடையாளங்களைப் படித்த பிறகு, ஆசை வந்த ஒரு நிமிடத்தில் படிக்காமல் விட்டேன்.

பெருவிரலுக்குக் கீழே இரண்டு பல். பூனைக்கடி வெளியே சின்னத் துளைதான், உள்ளே ஆழம். குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினேன். அரசு மருத்துவமனையில் கடிவாயைச் சுற்றி ஒரு மருந்து, கையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. பிறகு மூன்றாம், ஏழாம், இருபத்தெட்டாம் நாட்களில் வரச் சொன்னார்கள். துளை சீழ் பிடிக்காமலிருக்க மாத்திரையும் கொடுத்தார்கள். தெருப்பூனை கடித்தால் இதில் எதையும் தள்ளிப்போடக் கூடாது.

கடித்த பூனை பத்து நாள் நலமாக இருக்கிறதா என்று கவனிக்கவும் சொன்னார்கள். அது ஓடியே போயிருந்தது. நாலாம் நாள் மதில்மேல் தெரிந்தது, தெளிவான கண்ணோடு, தன் காலை நக்கிக்கொண்டு. பத்தாம் நாள் ஆறாவது கல்லில் தின்றது.

தை

விதை எடுப்பதையும் தடுப்பூசியையும் ஆவணியிலேயே முடித்திருக்க வேண்டும். அது என்னை நம்பத் தொடங்கு முன்பே செய்திருந்தால், இழக்க அவ்வளவு இருந்திருக்காது. கால்நடை மருத்துவர் கொடுத்த கூண்டின் கதவைத் திறந்தபடியே கட்டிவைத்து, பன்னிரண்டு நாள் தட்டைக் கூண்டின் வாசலில், பிறகு நடுவில், பிறகு கோடியில் வைத்தேன். அறுவைக்கு முந்தின நாள் மாலை கதவுக் கட்டை அவிழ்த்தேன். கதவு விழுந்ததும் கம்பியில் மோதிக்கொண்டது. மேலே கெட்டிப் போர்வையைப் போர்த்தியதும் இரண்டு நிமிடத்தில் அடங்கியது. இருட்டுதான் அதற்கு மருந்து. மறுநாள் இடது காதின் நுனியைச் சிறிது கத்தரித்துக் கொடுத்தார்கள். அறுவை முடிந்த பூனை என்பதற்கு அதுதான் அடையாளம், இன்னொருவர் மறுபடி பிடித்துப்போக மாட்டார். ஓர் இரவு மூடிய கூண்டிலேயே வைத்திருந்து, விடிந்ததும் கிணற்றடியில் திறந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் வந்தது. ஏழாவது கல்.

பங்குனி

ராத்திரிச் சண்டைகள் இல்லை. மூத்திர நெடி போய்விட்டது. உடம்பு தேறியிருக்கிறது. பழகுவதில் மட்டும் ஓர் எல்லை வந்து நின்றுவிட்டது. முழங்கை நீளத்தில் உட்காரும். விரலில் தின்னும். என் கை அசையாமல் தரையில் கிடந்தால் வந்து முட்டியில் மூக்கை வைக்கும். கை எழுந்தால் போய்விடும். ஆறு வாரமாக இதில் மாற்றம் இல்லை.

தட்டைக் கையில் எடுத்ததும் வாலைக் கம்பம் போல் நிமிர்த்திக்கொண்டு ஓடி வருகிறது. நட்பாக இருக்கும் பூனைகள் ஒன்றையொன்று பார்த்ததும் அப்படித்தான் வால் தூக்கும். மடியில் ஏறுவதுதான் உறவு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று யோசிக்கிறேன். தூக்கப்படுவது அதன் உடம்புக்கு இன்னும் பிடிபடுவதுதான். அதை வருடக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து மாற்ற முடியலாம். மாற்றுவது யாருக்காக என்று கேட்டால், அதற்காக என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மீன்காரம்மா கூடையை இறக்கிக்கொண்டே கேட்டார்: “இன்னுமா டீச்சரம்மா கிட்ட வரல?”

“வருதே. தொட விடல, அவ்வளவுதான்.”

“தொடாத பூனைக்கா தெனம் மத்தி?”

“ஆமாம்மா. நாளைக்கும் கால் கிலோ போட்டுடுங்க.”

சித்திரை

வெயில். மதியம் தாழ்வாரத்துத் தரை மட்டும் குளிர்ந்திருக்கிறது. நான் சுவரோரம் பாய் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். பூனை உள்ளே வந்து, பாயின் மறு ஓரத்தில் படுத்தது. கொல்லைக் கதவு முழுசாகத் திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். அது இருக்கும்போது கதவைச் சாத்துவதில்லை. முதலில் நாலு காலையும் உடம்புக்கடியில் மடக்கி உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டில் சரிந்து, வயிறு தெரிய நீண்டது. கிழிந்த காது, கத்தரித்த காது, இரண்டும் அசையாமல் கிடந்தன.

பக்கத்தைத் திருப்பினேன். காகிதச் சத்தத்துக்கு ஒரு கண் திறந்தது, என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தது. புத்தகத்தின் மேலேதான் இருந்தது. கண் மூடிக்கொண்டது.