நோட்டில் கிடக்கும் கையெழுத்து

சைக்கிளில் நூலகம் நடத்தும் ஒரு பெண்ணைப் பற்றிச் சிறுகதை எழுதினேன். களம் புதுக்கோட்டை. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். என் கதைப் பெண் அவர்களில் ஒருத்தி. கேரியரில் தகரப் பெட்டி, அதில் முப்பது புத்தகம், ஒரு கோடு போட்ட நோட்டு.

ஓரிடத்தில் கதை நின்றுவிட்டது. ஒருவர் வழிமறித்து, "எங்க வீட்டுல என்ன புக்கு எடுத்திருக்கா? நோட்டக் காட்டு புள்ள" என்கிறார். அவர் மனைவி எடுத்திருப்பது கருத்தடை பற்றிய சிறு நூல்.

முதலில் அவளைப் பொய் சொல்ல வைத்தேன்: "சமையல் புக்குண்ணே." அந்தப் பொய் அன்றைக்கு மட்டும்தான் காப்பாற்றும். நோட்டைப் பிடுங்கிப் பார்த்தால் ஆறு மாதம் முன்பு யார் எதைப் படித்தார்கள் என்பது வரை தெரியும். "வீட்டுக்கு வந்த புத்தகம்தானே, புருஷனுக்குத் தெரிஞ்சா என்ன?" என்றாள் தோழி. அந்தப் பெண் பெயர் கொடுத்தது புத்தகம் திரும்பி வருவதற்காக. அதை வேறெதற்குப் பயன்படுத்தினாலும் நம்பிக்கை மோசடிதான். ஆகவே பொய் சொல்லலாமா என்பதல்ல, அந்த நோட்டை வைத்திருக்கலாமா என்பதே கேள்வி.

பழைய நூலகங்களில் பிரௌன் முறை என்று ஒன்று உண்டு. புத்தகத்துக்குள் ஒரு சிறு அட்டை இருக்கும். வாசகரிடம் அவர் பெயரெழுதிய பை போன்ற சீட்டு இருக்கும். புத்தகம் கொடுக்கும்போது அட்டையைச் சீட்டுக்குள் செருகி நூலகர் வைத்துக்கொள்வார். புத்தகம் திரும்பியதும் அட்டை புத்தகத்துக்குப் போகும், சீட்டு வாசகர் கைக்குப் போகும். இன்னார் இன்னதைப் படித்தார் என்பதற்கு ஒரு தடயமும் மிஞ்சாது.

கதையில் நோட்டை எடுத்துவிட்டு இதை வைத்தேன். உடனே மனசு உறுத்தியது. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர்கள் வாரந்தோறும் அந்த நோட்டில்தானே தங்கள் பெயரை எழுதினார்கள்? இன்னார் மனைவி என்றில்லாமல் சொந்தப் பெயர். அதைப் பறிப்பதா? பிறகு யோசித்தேன், கையெழுத்து சீட்டில் இருக்கட்டும். புத்தகம் திரும்பினால் அதுவும் அவளிடமே திரும்புகிறது.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. புத்தகம் வெளியே இருக்கும் நாட்களில் அட்டை பெட்டியில்தானே கிடக்கிறது? அவர் வழிமறித்ததும் அப்படியொரு நாளில்தான். அதனால் அட்டையில் நூற்பெயரை விட்டு எண் மட்டும் எழுத வைத்தேன். எண்களுக்கான பட்டியல் பெண்ணின் வீட்டில், அரிசிப் பானைக்குப் பின்னால்.

இப்போது கதையில் அவள் பெட்டியைத் திறந்தே காட்டுகிறாள். "பதினேழாம் நம்பருண்ணே. என்னன்னு படிக்கிறவங்களத்தான் கேக்கணும்."

பொய் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. ஆனால் அவர் நேரே வீட்டுக்குத்தான் போவார். கேட்கப்படப்போவது மனைவி. சைக்கிள் அதற்குள் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். கதையை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை.